கொள்கைக் குறிப்பு எழுதுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அதிகாரிகள் படித்து முடிவெடுப்பதற்காக எழுதப்படும் இரண்டு, மூன்று பக்கக் குறிப்பைப் பற்றிய கேள்விகள் இவை. எல்லா பதிலுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன்: 24 மணி நேரமும் குழாயில் தண்ணீர் வரும் ஒரு நகரம், நாளுக்கு 10 கோடி லிட்டர் விநியோகம். ஊர் கற்பனை, எண்களும் கணக்குக்கு வசதியாக நான் வைத்தவை. ஆனால் குடிநீர்த் துறையில் நடக்கிற வாதங்கள் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்.

முதல் பத்தியில் பின்னணி சொல்லாமல் ஆரம்பித்தால் படிப்பவருக்கு எப்படிப் புரியும்?

புரியும். பின்னணி அவருக்கு ஏற்கனவே தெரியும், அந்தத் துறையில்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார். "நீர் உயிர்களின் அடிப்படைத் தேவை, நகரங்கள் வேகமாக வளர்ந்து வருகின்றன" என்று ஆரம்பிக்கும் பத்தியை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். எதுவும் குறையாது.

அவருக்குத் தெரியாதவை நான்கு: எது கெட்டுப்போயிருக்கிறது, எவ்வளவு, அதனால் யாருக்கு இடைஞ்சல், கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் எப்போது என்ன ஆகும். இந்த நான்கும் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். நம் நகரத்துக்கு எழுதினால் இப்படி:

> குழாய்களில் தினமும் விடும் 10 கோடி லிட்டரில் 6 கோடி லிட்டருக்குத்தான் கட்டணம் வருகிறது. மீதி 4 கோடியில் 2.6 கோடி லிட்டர் எந்த வீட்டையும் எட்டாமல் மண்ணுக்குள் கசிகிறது. அடுத்த 8 ஆண்டுகளில் தேவை நாளுக்கு இன்னும் 1.5 கோடி லிட்டர் கூடும். இன்று கையிருப்பில் உபரி கிடையாது. இந்த ஆண்டு முடிவெடுக்காவிட்டால், இரண்டாம் ஆண்டிலிருந்து மேட்டுப் பகுதி வீடுகளுக்கு நேரம் குறைத்துத்தான் தண்ணீர் விட முடியும்.

ஐந்தே வாக்கியம். இதில் வரலாறு இல்லை, சட்டப் பிரிவு இல்லை. குழாய் எந்த ஆண்டு போடப்பட்டது என்பது கசிவுக்குக் காரணம் சொல்லத் தேவைப்பட்டால், காரணம் சொல்லும் இடத்தில் வரட்டும்.

அப்படியென்றால் பரிந்துரையைக் கடைசிவரை மறைத்து வைப்பதா?

வேண்டாம். பிரச்சினைப் பத்தி முடிந்த கையோடு ஒரே வரியில் சொல்லிவிடுங்கள்: "புதிய சுத்திகரிப்பு நிலையத்துக்கு முன்பாகக் கசிவுக் குறைப்புத் திட்டத்துக்கு அனுமதி கோருகிறோம்." முழு விவரம் பின்னால் வரும். முதல் அரைப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, அவர்கள் கையிலும் இந்த வரி இருக்க வேண்டும்.

பிரச்சினையைத்தான் எழுதினேன். "இது பிரச்சினை இல்லை, தீர்வு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன தப்பு?

"நகரில் போதிய சுத்திகரிப்பு நிலையங்கள் இல்லை" என்பதுபோல ஏதாவது எழுதியிருப்பீர்கள். படிக்கும்போது பிரச்சினை மாதிரிதான் இருக்கும். ஆனால் இதற்கு ஒரே ஒரு பதில்தான் வரமுடியும்: நிலையம் கட்டு. ஒப்பிடுவதற்கு எதுவுமே மிச்சமில்லை. "இல்லை", "போதவில்லை", "பற்றாக்குறை" என்று முடியும் வாக்கியங்களைச் சந்தேகத்தோடு பாருங்கள். அதற்கு முன்னால் நிற்கும் சொல் நீங்கள் வாங்கவோ கட்டவோ நினைக்கும் பொருளாக இருந்தால், தீர்வு உள்ளே நுழைந்துவிட்டது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. "ஒருங்கிணைந்த நீர் மேலாண்மையில் குறைபாடு" என்று எழுதினால் எந்தத் தீர்வும் அதில் பொருந்தும், எந்தத் தீர்வும் தோற்காது. முதல் வாக்கியம் கதவை மூடுகிறது என்றால், இது வீட்டுக்குச் சுவரே வைக்கவில்லை.

நடுவில் நிற்க ஒரு வழி இருக்கிறது. பிரச்சினையை அளவாகச் சொல்லிவிட்டு, அந்த அளவைக் காரணவாரியாகப் பிரித்துக் காட்டுங்கள். கட்டணம் வராத 4 கோடி லிட்டரை நீர்ப் பொறியாளர்கள் மூன்றாகப் பிரிப்பார்கள். உண்மையிலேயே கசிந்து போவது ஒன்று. இங்கே அது 2.6 கோடி. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தும் பழைய மீட்டர் குறைத்துக் காட்டுவதாலோ, திருட்டு இணைப்பாலோ கணக்கில் வராதது இன்னொன்று, 1.2 கோடி. தீயணைப்பு, பொதுக்குழாய் போல அனுமதியோடு இலவசமாகப் போவது மூன்றாவது, 20 லட்சம்.

இந்தப் பிரிப்பைப் போட்டவுடன் பேச்சே மாறிவிடும். கசியும் தண்ணீரை மீட்டால் தண்ணீர் கிடைக்கும். மீட்டரைச் சரிசெய்தால் பணம் கிடைக்கும், தண்ணீர் பெரும்பாலும் கிடைக்காது, ஏனென்றால் அதை யாரோ ஏற்கனவே குடித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து "40% நீர் இழப்பு" என்று எழுதும் குறிப்புகள்தான் அதிகம். மீட்டர் மாற்றினாலே பற்றாக்குறை தீரும் என்று அதிகாரி நம்பிக் கையெழுத்துப் போடுவது அந்த ஒரு வரியால்தான்.

2.6 கோடி கசிகிறது என்று எந்த தைரியத்தில் எழுதுவது? மண்ணுக்குள் இருப்பதை யார் பார்த்தார்கள்?

கேட்க வேண்டிய கேள்விதான், நிதித்துறையும் இதைத்தான் முதலில் கேட்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி உங்களிடம் இருக்க வேண்டும். கசிவுக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. இரவு 2 மணியிலிருந்து 4 மணிக்குள் ஊர் தூங்குகிறது. வீடுகளில் தண்ணீர் செலவு மிகக் குறைவு. அந்த நேரத்தில் ஒரு பகுதிக்குள் போகும் தண்ணீரை மீட்டர் வைத்து அளந்து, இரவு வேலை நடக்கும் இடங்களின் பயன்பாட்டைக் கழித்தால், மீதி கிட்டத்தட்ட முழுவதும் கசிவுதான். (நேரம் வைத்துத் தண்ணீர் விடும் ஊரில் இந்தச் சோதனை சரிப்படாது. குழாய் நிரம்பியே இருக்க வேண்டும்.)

குறிப்பில் இதற்கு அரை வரி போதும்: "இரவு ஓட்ட அளவீட்டின்படி". அளந்த விதம், எந்தெந்தப் பகுதி, எத்தனை இரவு என்பதெல்லாம் பின்னிணைப்புக்குப் போகட்டும். அளக்காமல் மதிப்பிட்ட எண் என்றால் "மதிப்பீடு" என்று எழுதிவிடுங்கள். கேட்கும்போது ஒத்துக்கொள்வதைவிட முன்னாலேயே எழுதிவைப்பது மேல்.

எத்தனை மாற்று வழிகளைக் காட்டலாம்?

மூன்று. கூடவே "இப்போது இருப்பதுபோலவே விடுவது" என்ற வழியும் வேண்டும். ஐந்தாறு வைத்தால் பக்கம் நிரம்பும், ஒப்பீடு நடக்காது. இரண்டே வைத்தால் நீங்கள் முன்பே முடிவு கட்டிவிட்டீர்கள் என்று தெரிந்துவிடும்.

இப்படியே விடுவதை ஏன் ஒரு வழியாக எழுத வேண்டும் என்றால், நிஜத்தில் அதுதான் மிகப் பெரிய போட்டியாளர். கோப்பு மேசையில் கிடந்தால் தானாக நடப்பது அது. அதற்குச் செலவு இல்லை என்ற நினைப்பைக் கணக்கால் உடைக்க வேண்டும். நம் ஊரில் தேவை ஆண்டுக்கு ஏறத்தாழ 19 லட்சம் லிட்டர் கூடுகிறது. குழாய் பழசாகப் பழசாகக் கசிவும் கூடும். நான்காம் ஆண்டில் பற்றாக்குறை 75 லட்சத்தைத் தொடும்.

மற்றபடி, தோற்பதற்காகவே ஒரு வழியை நிறுத்தாதீர்கள். "நகரின் குழாய்களை முழுவதும் தோண்டி மாற்றுவது" என்று யாரும் யோசிக்காத ஒன்றை வைத்து, அதை அடித்துவிட்டு உங்கள் வழியை வெற்றி பெற வைப்பது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. அனுபவமுள்ள அதிகாரி அதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் உங்கள் நல்ல எண்களையும் நம்ப மாட்டார். எந்த வழியை யார் உண்மையிலேயே கேட்கிறார்களோ அதை வையுங்கள். இந்த ஊரில் திட்டப் பிரிவு புதிய நிலையம் கேட்கிறது, வருவாய்ப் பிரிவு மீட்டர் கேட்கிறது, பராமரிப்புப் பிரிவு கசிவுக்கு ஆள் கேட்கிறது. மூன்றும் உயிருள்ள வழிகள்.

ஒப்பிடும்போது எந்த அளவுகோல்களை எடுப்பது? எல்லாமே முக்கியமாகத் தெரிகிறது.

முதல் பத்தியைத் திரும்பப் படியுங்கள், அளவுகோல் அங்கேயே இருக்கிறது. பற்றாக்குறை என்று எழுதினீர்கள்: எனவே எவ்வளவு தண்ணீர் கிடைக்கும் என்பது ஒன்று. இரண்டாம் ஆண்டிலிருந்து என்று எழுதினீர்கள்: எனவே எப்போது கிடைக்கும் என்பது இன்னொன்று. அதோடு முதலீடு, ஆண்டுதோறும் ஆகும் செலவு. கடைசியாக, இந்த வழி எதில் கவிழக்கூடும் என்பது. ஐந்துக்கு மேல் போக வேண்டாம். பிரச்சினையில் வராத ஒன்று அளவுகோலில் திடீரென்று முளைத்தால், அது யாருக்கோ வேண்டப்பட்ட வழியைத் தூக்கிவிட வந்தது என்றுதான் அர்த்தம்.

செலவை இங்கே நிலையத்தின் முதலீடு 100 என்று வைத்து ஒப்பளவாகக் காட்டுகிறேன். உங்கள் குறிப்பில் உண்மையான தொகை இருக்க வேண்டும்.

| வழி | வீடுகளை எட்டும் கூடுதல் நீர் (நாளுக்கு) | எப்போது | முதலீடு | ஆண்டுச் செலவு | எதில் கவிழும் |
|---|---|---|---|---|---|
| இப்படியே விடுவது | இல்லை. குறையும் | – | 0 | பழுதுச் செலவு கூடிக்கொண்டே போகும் | நான்காம் ஆண்டில் 75 லட்சம் பற்றாக்குறை |
| புதிய சுத்திகரிப்பு நிலையம் | சுமார் 1.5 கோடி | 4 ஆண்டு கழித்து | 100 | 8 | நிலம், அனுமதி தாமதம் |
| வீட்டு மீட்டர் மாற்றம் | மிகக் குறைவு; வருவாய் கூடும் | 2 ஆண்டில் | 30 | 1 | எதிர்ப்பு; கட்டண உயர்வாகப் பார்க்கப்படும் |
| கசிவுக் குறைப்பு | 1 முதல் 1.4 கோடி | முதல் ஆண்டு முடிவில் தொடங்கி, 3 ஆண்டில் முழுதாக | 35 | 4 | நிரந்தரக் குழு இல்லாவிட்டால் கசிவு திரும்பும் |

அட்டவணையில் ஒரு இடத்தை மட்டும் கூர்ந்து பாருங்கள். நிலையத்தின் கொள்ளளவு 2 கோடி லிட்டர், ஆனால் நான் எழுதியிருப்பது 1.5 கோடி. நிலையத்திலிருந்து கிளம்பும் தண்ணீரும் அதே ஓட்டைக் குழாயில்தான் போகிறது. இப்போதுள்ள விகிதத்திலேயே கசிந்தால் நூற்றுக்கு 26 லிட்டர் வழியிலேயே போய்விடும். திட்டப் பிரிவு 2 கோடி என்று எழுதித் தரும், பராமரிப்புப் பிரிவு வீட்டை எட்டும் அளவை எழுதித் தரும். இரண்டையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஒப்பீடு பொய். எல்லா வழியையும் ஒரே இடத்தில் நின்று அளக்க வேண்டும், இங்கே அந்த இடம் வீட்டுக்குழாய். காலமும் அப்படியே: அனுமதி கிடைத்த நாளிலிருந்தா, டெண்டர் முடிந்த நாளிலிருந்தா? ஏதாவது ஒன்றை எல்லாவற்றுக்கும் வையுங்கள்.

ஒவ்வொரு அளவுகோலுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிவிடலாமா?

நான் போட மாட்டேன். தண்ணீருக்கு 40%, செலவுக்கு 30% என்று எடை போட்டவுடன், விவாதம் அந்த எடையைப் பற்றி ஆகிவிடும். 30-ஐ 35 ஆக்கினால் வெற்றியாளர் மாறுகிறார் என்றால் அந்தக் கூட்டுத்தொகைக்கு என்ன மதிப்பு? நிறைய டெண்டர்களை வரிசைப்படுத்த மதிப்பெண் சரி. மூன்று வழிகளுக்கு, எதை விட்டு எதை வாங்குகிறோம் என்று வாக்கியத்தில் சொல்வதே நல்லது.

முடிவெடுப்பது அதிகாரியின் வேலை. நாம் ஏன் ஒன்றைப் பரிந்துரைக்க வேண்டும்?

பரிந்துரைக்காத குறிப்பு வகையும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் EVIPNet வலையமைப்பு பழக்கப்படுத்திய ஆதாரச் சுருக்கங்களில் பிரச்சினை, வழிகள், ஒவ்வொன்றுக்கும் உள்ள ஆதாரம், நடைமுறைத் தடைகள் எல்லாம் இருக்கும். பரிந்துரை பொதுவாக இருக்காது. காரணம், அவை எல்லாத் தரப்பையும் உட்கார வைத்து நடத்தும் கலந்துரையாடலுக்கு முன்னால் கொடுக்கப்படுபவை. அந்தச் சபையில் எழுதியவர் ஒரு பக்கம் சாய்ந்தால் பேச்சு படுத்துவிடும்.

உங்கள் குறிப்பு அப்படிப்பட்ட கூட்டத்துக்குப் போகிறது என்றால் பரிந்துரையை விட்டுவிடுங்கள். ஒருவர் கையெழுத்துப் போடுவதற்காக அவர் மேசைக்குப் போகிறது என்றால், ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த எண்களோடு வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தது நீங்கள்தான். அவருக்கு இருப்பது பத்து நிமிடம். "மூன்று வழிகளையும் பரிசீலிக்கலாம்" என்று முடித்தால், அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் வேலையையும் அவரே செய்ய வேண்டும். பெரும்பாலும் செய்ய மாட்டார். "கூடுதல் விவரம் பெறவும்" என்று எழுதி இறக்கிவிடுவார்.

"ஒருங்கிணைந்த அணுகுமுறை" என்ற பெயரில் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யச் சொல்வதும் இதே நழுவல்தான். எல்லாப் பிரிவையும் திருப்திப்படுத்தும், பணத்தை மூன்றாக உடைக்கும், எதுவும் முடியாது.

பரிந்துரை வாசகம் எப்படி இருக்க வேண்டும்?

அப்படியே எடுத்து ஆணையில் ஒட்டக்கூடிய மாதிரி. "கசிவைக் குறைக்க நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்" என்பதில் யார் என்பது இல்லை, எப்போது என்பது இல்லை, எவ்வளவு என்பதும் இல்லை. "எடுக்கப்பட வேண்டும்", "உறுதி செய்யப்பட வேண்டும்" என்று வரும் இடமெல்லாம் ஆள் ஒளிந்துகொள்ளும் இடம்.

> நகரின் குழாய் வலையை 40 மண்டலங்களாகப் பிரித்துக் கசிவுக் குறைப்புத் திட்டத்தை நிறைவேற்றத் தலைமைப் பொறியாளருக்கு இந்தக் காலாண்டுக்குள் அனுமதி வழங்கலாம். முதல் கட்டத்தில் கசிவு மிக அதிகமுள்ள 6 மண்டலங்கள் மட்டும். மொத்த முதலீட்டில் ஐந்தில் ஒரு பங்கு இதற்குப் போதும். ஒவ்வொன்றிலும் நுழைவு மீட்டர், அழுத்தம் குறைக்கும் வால்வு, நிரந்தரப் பழுதுபார்ப்புக் குழு அமைக்கப்படும். 15ஆம் மாதத்தில் இந்த 6 மண்டலங்களின் கசிவு பாதியாவது குறையவில்லை என்றால், புதிய நிலையத்துக்கான கோப்பு உடனே எடுக்கப்படும்.

அழுத்த வால்வு ஏன் என்று ஒருவர் கேட்பார், அதற்கும் ஒரு வரி தயாராக வைத்திருங்கள். ஒரு ஓட்டையை அடைத்தால் குழாயில் அழுத்தம் ஏறும், அடைக்காத ஓட்டைகளில் கசிவு கூடும். அழுத்தத்தை 10% இறக்கினால் கசிவும் தோராயமாக 10% இறங்கும் என்பது துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கைக்கணக்கு. வால்வு இல்லாமல் பழுது பார்ப்பதற்கு மட்டும் அனுமதி கொடுத்தால் மீட்கும் தண்ணீரில் கணிசமான பங்கு கைக்கு வராது. பரிந்துரையைப் பாதியாக வெட்டினால் எது உடையும் என்பது உங்களுக்குத்தான் தெரியும், அதைச் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று: அந்த அதிகாரியால் செய்ய முடிகிறதைக் கேளுங்கள். சட்டத் திருத்தம் தேவைப்படும் வேலையைத் துறைத் தலைவரிடம் கேட்டால் அவர் மேலே அனுப்புவார், அவ்வளவுதான்.

நம் வழியின் குறைகளை நாமே எழுதினால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

எழுதாவிட்டால் எதிர்ப்பக்கம் எழுதும், அதுவும் நீங்கள் இல்லாத கூட்டத்தில். நம் பரிந்துரைக்கு வெளிப்படையான குறை ஒன்று இருக்கிறது: தேவை 1.5 கோடி, கசிவுக் குறைப்பு தருவது அதிகபட்சம் 1.4 கோடி. எட்டு ஆண்டு முழுவதுக்கும் அது தனியாகப் போதாது. அட்டவணையைப் பார்த்த யாரும் இதைப் பிடித்துவிடுவார்கள்.

எனவே வாதத்தைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். நிலையமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எதை முதலில் செய்வது என்று சொல்கிறோம். நிலையத்தை முதலில் எடுத்தால் நான்கு ஆண்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடுதலாக வராது, பற்றாக்குறை 75 லட்சத்துக்குப் போய்விடும். கட்டி முடித்த பிறகும் நாலில் ஒரு பங்கு கசியும். கசிவை முதலில் எடுத்தால் இரண்டாம் ஆண்டிலேயே தண்ணீர் வரும், நிலையத்தைத் தள்ளிப்போட முடியும், கட்டும்போது சிறிதாகக் கட்டவும் வாய்ப்பு உண்டு.

எவ்வளவு தள்ளிப்போடலாம்? 15ஆம் மாதம் என்ற தேதி இந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது. திட்டம் குறைந்தபட்சமான 1 கோடியை மட்டும் தருகிறது என்று வையுங்கள். தேவை ஆண்டுக்கு 19 லட்சம் கூடினால் அந்த 1 கோடி ஐந்து ஆண்டுக்குக் கொஞ்சம் மேலே தாங்கும். நிலையம் கட்ட 4 ஆண்டு. பின்னாலிருந்து எண்ணினால், நிலையத்துக்கு முடிவெடுக்கக் கடைசி வாய்ப்பு 16ஆம் மாதம். ஒரு மாதம் முன்னால் பரிசீலனை வைக்கிறோம். பாதி என்ற அளவும் அப்படித்தான். 2.6 கோடியில் பாதி 1.3 கோடி, ஊர் முழுவதும் அந்த அளவு கிடைத்தால் ஏழு ஆண்டுவரை ஓடும், நிலையத்துக்கு அவசரமில்லை. முதல் 6 மண்டலங்களில் அது வராவிட்டால், கசிவு குறைவாக உள்ள மற்ற மண்டலங்களில் வரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

"ஆதாரம் பலவீனமாக இருக்கிறதே" என்று தயங்குபவர்களுக்கும் இதுவே பதில். 1 முதல் 1.4 கோடி என்று வீச்சாக எழுதுங்கள், அந்த வீச்சின் கீழ் நுனியிலும் உங்கள் பரிந்துரை நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கிறது என்றால் எண் துல்லியமாக இல்லாதது பெரிய குறை இல்லை. 1 கோடிக்கும் கீழே போனால்? 80 லட்சம்தான் கிடைத்தது என்றால் நிலையம் வருவதற்குள் ஏறத்தாழ ஓராண்டு தட்டுப்பாடு வரும். அதையும் ஒரு வரியில் எழுதிவிட வேண்டியதுதான்.

எங்கள் ஆய்வறிக்கை 80 பக்கம். அதை எப்படி இரண்டு பக்கத்துக்குள் அடக்குவது?

அடக்க முடியாது, அடக்கவும் கூடாது. அறிக்கையைச் சுருக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் அறிக்கையின் எலும்புக்கூடுதான் மிஞ்சும்: நோக்கம், முறை, முடிவுகள், வரம்புகள். அதிகாரி கேட்பது வேறு வரிசையில். அறிக்கையை மூடிவைத்துவிட்டு, வெற்றுத்தாளில் பிரச்சினையிலிருந்து தொடங்குங்கள். எண் தேவைப்படும்போது மட்டும் திறந்து பாருங்கள்.

கனடாவில் சுகாதாரச் சேவை ஆய்வுகளுக்கு நிதி கொடுத்த ஒரு அறக்கட்டளை 1:3:25 என்ற வழக்கத்தைப் பரப்பியது: முக்கியச் செய்திகளுக்கு 1 பக்கம், சுருக்கம் 3 பக்கம், அறிக்கை 25 பக்கம். மூன்றும் மூன்று வேறு வாசகர்களுக்கு. நான் இதைப் பயன்படுத்துவது இப்படி: துறைத் தலைவருக்கு 1 பக்கம், அவருக்குக் கோப்பு தயாரிக்கும் அலுவலருக்கு 3 பக்கம், நிதித்துறையில் எண்ணைச் சரிபார்ப்பவருக்கு இணைப்புகள். அந்த அலுவலரை மறந்துவிடாதீர்கள். பல இடங்களில் உண்மையான வாசகர் அவர்தான். தலைவர் படிப்பது அவர் எழுதும் நாலு வரி.

அனுப்புவதற்கு முன் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

பரிந்துரைப் பகுதியை மறைத்துவிட்டு, துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் கொடுங்கள். படித்துவிட்டு அவர் எந்த வழியைச் சொல்கிறார் என்று கேளுங்கள். நீங்கள் சொன்னதையே சொன்னால் சரி. வேறொன்றைச் சொன்னால், உங்களைத் தீர்மானிக்க வைத்த ஏதோ ஒன்று காகிதத்துக்கு வரவில்லை. அது பெரும்பாலும் காலமாகத்தான் இருக்கும். நம் உதாரணத்திலும் "எப்போது" என்ற கட்டத்தை நீக்கிப் பாருங்கள்: அதிகத் தண்ணீர் தருவது நிலையம், எனவே நிலையம் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

எண்களை வேறு ஒருவரைக் கொண்டு கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் பத்தியில் 2.6, அட்டவணையில் 2.8 என்று இருந்தால் மீதியை யாரும் படிக்க மாட்டார்கள்.

எல்லாம் செய்தும் அதிகாரி வேறு வழியைத் தேர்ந்தெடுத்தால்?

நடக்கும். நிலையத்துக்கு மட்டும் செலவிடலாம் என்ற நிபந்தனையோடு வெளியிலிருந்து கடன் வந்திருக்கலாம். உங்களுக்கு அது தெரிந்திருக்காது. எனவே இணைப்பில் மற்ற வழிகளுக்கும் அரைப் பக்கம் வையுங்கள்: அதைத் தேர்ந்தால் முதல் ஆணை என்ன, முதல் ஆறு மாதத்தில் எதைக் கண்காணிக்க வேண்டும் என்று. நிலையத்துக்கே அனுமதி போனாலும், நுழைவு மீட்டரையாவது அந்த 6 மண்டலங்களில் இப்போதே வைக்கச் சொல்லி அங்கே ஒரு வரி இருக்கட்டும். நான்கு ஆண்டு கழித்துப் புதிய தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கும்போது, அளந்து வைத்த இரவு ஓட்டம் யாரிடமாவது இருக்க வேண்டும்.